மாணவர் பிளானா, குடும்ப பிளானா, இலவசமே போதுமா: யூடியூப் மியூசிக்கை வைத்து ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் பாட்டு கேட்பவர்கள் நாலு பேர். திருச்சியில் நான், அம்மா, தம்பி. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஆர்க் படிக்கும் அக்கா மகள். நாலு பேரும் பல வருஷமாக யூடியூபை இலவசமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். போன மாதம் அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, நான் யூடியூப் பிரீமியத்துல ஸ்டூடண்ட் பிளான் போடட்டுமா, இல்ல நீங்க ஃபேமிலி பிளான் எடுத்து என்னைச் சேர்த்துக்கறீங்களா? அதுல சவுண்ட் நல்லா இருக்குமாமே?" இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், விலைப்பட்டியலில் கண்ணில் படாத சில விஷயங்கள் தெரியவந்தன.

அவளுடைய கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குடும்ப பிளானில் ஒலி உசத்தி, மாணவர் பிளானில் மட்டம் என்று எதுவும் இல்லை. மாணவர், தனிநபர், குடும்பம் என்று எந்த பிரீமியம் பிளானானாலும் வருகிற பாட்டு ஒன்றுதான். ஒலியில் வித்தியாசம் இருப்பது இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவில் மட்டுமே. யூடியூப் மியூசிக்கில் ஒலித்தரம் மூன்று படியாக இருக்கிறது. Low என்றால் நொடிக்கு 48 கிலோபிட் வரை, Normal என்றால் 128 வரை, High என்றால் 256 வரை. இதில் High சந்தாதாரர்களுக்கு மட்டும். இலவசக்காரர் 128-இல் நின்றுவிடுவார். 89 ரூபாய் கட்டும் மாணவருக்கும் 299 ரூபாய் கட்டும் குடும்பத்துக்கும் அதே 256 தான்.

ஆனால் காசு கட்டிய எல்லோர் காதிலும் 256 விழுவதில்லை. மொபைல் டேட்டாவில் கேட்கும்போது செயலி தானாக வைத்திருப்பது Normal. அமைப்புகளுக்குள் போய் Audio quality on mobile network என்ற இடத்தில் High அல்லது Always High என்று நாம்தான் மாற்ற வேண்டும். வைஃபைக்குத் தனியாக ஒரு வரி, டவுன்லோடுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. High என்று வைத்தால் சிக்னல் மோசமாகும்போது செயலி தரத்தைக் குறைத்துக்கொள்ளும். Always High குறைக்காது, பாட்டு நின்று நின்று வந்தாலும் விடாது. இதையெல்லாம் தொடாமல் மாதாமாதம் பணம் கட்டுபவர், மொபைல் டேட்டாவில் ஒலியைப் பொறுத்தவரை இலவசக்காரர் கேட்பதையேதான் கேட்கிறார்.

உண்மையில் எது வருகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. கணினியில் யூடியூப் மியூசிக்கைத் திறந்து, பாட்டு ஓடும்போது மூன்று புள்ளியை அழுத்தினால் Stats for nerds என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் சின்னப் பெட்டியில் ஏதேதோ எண்கள் வரும். ஒலிக்கான இடத்தில் 140 அல்லது 251 என்று இருந்தால் அது சாதாரணத் தரம். 141 அல்லது 774 என்று இருந்தால் 256 கிலோபிட் வருகிறது. மற்ற எண்களை விட்டுவிடலாம்.

இந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு பாட்டாகப் போட்டபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. கம்பெனிகள் முறையாக ஏற்றிய ஆல்பம் பாடல்களுக்கு உயர்தரம் வந்தது. ஆனால் அம்மா கேட்பதில் பாதி, யாரோ ஒருவர் தன் வீட்டு கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றிய வீடியோக்கள்: பழைய கச்சேரி, கோயில் திருவிழா நாதஸ்வரம், வானொலிப் பதிவு. அவற்றுக்கு எந்த பிளான் போட்டாலும் சாதாரணத் தரம்தான். மேலே ஏறும்போதே கேசட் இரைச்சலோடு ஏறியதைக் கீழே இறங்கும்போது யாரும் துடைத்துத் தரப்போவதில்லை. உங்கள் ரசனை இந்தப் பக்கம் என்றால், ஒலித்தரத்தை மட்டும் காரணமாக வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

சரி, 128-க்கும் 256-க்கும் காது வித்தியாசம் கண்டுபிடிக்குமா? கம்பி இயர்போனை மாட்டி, ஜால்ராவும் கைத்தட்டலும் நிறைய வரும் ஒரு பஜனைப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். முதலில் Low. ஜால்ராவின் ஓசை கணீரென்று நீளாமல், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சளசளக்கும். "ச", "ஸ" வரும் இடங்களில் குரல் கரகரக்கும். பாட்டை நிறுத்தி, Normal-க்கு மாற்றி, முதலிலிருந்து போட்டால் அந்தச் சளசளப்பு ஏறக்குறைய போய்விடும். இந்தத் தாவலை யார் காதும் கண்டுபிடிக்கும். Normal-இலிருந்து High-க்குப் போகும்போது இருப்பது சின்ன வித்தியாசம். நல்ல இயர்போன், அமைதியான அறை, கவனித்துக் கேட்கும் மனசு மூன்றும் சேர்ந்தால் ஜால்ராவின் வாலில் அது தெரிகிறது. ஓடும் பேருந்தில் எனக்குத் தெரியவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் தெரியவில்லை. ப்ளூடூத் தன் பங்குக்குப் பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது, அதில் இந்தச் சின்ன வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

ஒலிதான் உங்களுக்கு முதல் காரணம் என்றால், யூடியூபையே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மியூசிக்கில் 2021-இலிருந்து எல்லா பிளானிலும், மாணவர் பிளான் உட்பட, ஒலியில் எதையும் வெட்டாத இழப்பில்லாத தரம் கூடுதல் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அங்கே இலவசம் என்ற பேச்சே கிடையாது, அந்தத் தரத்தை முழுசாகக் கேட்க கம்பி இயர்போனும் வேண்டும். ஸ்பாட்டிஃபையின் இலவசப் பிளானில் விளம்பரம் வந்தாலும் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம். எங்கள் வீட்டில் பாட்டோடு வீடியோவும் வேண்டும், கேசட் காலத்துப் பதிவுகளும் வேண்டும். அதனால் பேச்சு யூடியூபைத் தாண்டவில்லை.

இப்போது இலவசத்தின் உண்மையான தொல்லைக்கு வருவோம். எனக்கு அது விளம்பரம்கூட இல்லை, திரை. போனில் இலவச யூடியூப் மியூசிக் ஓட வேண்டுமென்றால் செயலி கண்முன் திறந்தே இருக்க வேண்டும். திரையை அணைத்தாலோ, வேறு செயலிக்குப் போனாலோ பாட்டு நின்றுவிடும். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு அரிசி டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்து விஷ்ணு சகஸ்ரநாமம் போடுவார். அரை மணி நேரம் திரை எரிந்துகொண்டே இருக்கும், நடுவில் ஈரக்கை பட்டு வேறு எங்காவது போய்விடும், "ஏண்டி, நின்னுபோச்சு" என்று எனக்குக் குரல் வரும். திரை எரிவதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

விளம்பரத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று நிமிஷச் சினிமாப் பாட்டென்றால் விளம்பரம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும், சகித்துக்கொள்ளலாம். அரை மணி, ஒரு மணி நேர வீடியோ என்றால் ஏற்றியவர் நடுவிலும் விளம்பரம் வைத்திருக்க முடியும். ஆலாபனை மேல் ஸ்தாயிக்கு ஏறும் நேரத்தில் டிடர்ஜெண்ட் பவுடர் வருவது இப்படித்தான். ஆக, நீளமான பதிவுகள் கேட்பவர்களுக்கு இலவசத்தின் வலி அதிகம், சினிமாப் பாட்டு கேட்பவர்களுக்குக் குறைவு. கட்டணப் பிளான்களில் மாணவர், தனிநபர், குடும்பம் மூன்றிலும் விளம்பரம் இல்லை, திரையை அணைக்கலாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, அக்கா மகள் அதில் கிட்டத்தட்ட விழுந்துவிட்டாள். மாணவர் பிளான் மாதம் 89 ரூபாய். 2025 செப்டம்பரில் Premium Lite என்று ஒன்று இந்தியாவில் வந்தது, அதுவும் 89 ரூபாய். அதற்குக் கல்லூரிச் சான்று எதுவும் கேட்பதில்லை, அழுத்தினால் முடிந்தது. ஆனால் Lite-இல் விளம்பரம் போவது மற்ற வீடியோக்களுக்குத்தான். இசைக்கு வரும். பாட்டுக்காகவே காசு கட்டுபவருக்கு அந்த 89 வீண்.

பாட்டு டவுன்லோடு மாணவர், தனிநபர், குடும்பம் மூன்று பிளானிலும் உண்டு, இலவச யூடியூப் மியூசிக்கில் கிடையாது. எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது எளிய கணக்கு. 256 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரப் பாட்டு சுமார் 115 எம்பி, 128 என்றால் அதில் பாதி. இருபது மணி நேரப் பாட்டை உயர்தரத்தில் வைத்துக்கொள்ள 2.3 ஜிபி வேண்டும். தம்பி தினமும் மணப்பாறைக்குப் பேருந்தில் போய் வருகிறான், வழியில் சிக்னல் போய்ப் போய் வரும். அவனுக்குப் பேருந்து இரைச்சலில் 128 தாராளம் என்பதால் டவுன்லோடு தரத்தை Normal-இல் வைத்தோம், பாதி இடம் மிச்சம். ஹாஸ்டலில் இரவு அமைதியில் இயர்போனில் கேட்பவளுக்கு High வைக்கலாம்.

டவுன்லோடு என்றதும் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் தம்பியும் கேட்டான்: "பென் டிரைவ்ல போட்டு கார்ல கேக்கலாமா?" முடியாது. அந்தப் பாட்டுகள் செயலிக்குள் பூட்டித்தான் இருக்கும். வேறு இடத்துக்கு நகல் எடுக்க வராது, முப்பது நாளுக்கு ஒரு முறையாவது போனை இணையத்தில் இணைக்க வேண்டும், சந்தா நின்றால் அன்றோடு பாட்டும் நிற்கும். வாங்கிய கேசட் மாதிரி அல்ல, நூலகத்துப் புத்தகம் மாதிரி.

பணத்துக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் விலை ஏறியபோது யூடியூப் பிரீமியம் தனிநபர் பிளான் மாதம் 149, மாணவர் 89, குடும்பம் 299 என்று ஆனது. தனிநபருக்கு மட்டும் வருஷக் கட்டணம் 1490 என்று தனியாக உண்டு. நான் கணக்குப் போட்டது இந்த விலைக்கு. கட்டும் முன் திரையில் காட்டுவதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் செயலிக்குள்ளிருந்தே சந்தா கட்டினால் விலை கூடுதல், அதனால் உலாவியில் போய்க் கட்டுங்கள்.

குடும்ப பிளானில் எடுப்பவரோடு இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கலாம். ஆறு பேருக்கு 299 என்றால் தலைக்கு ஐம்பது ரூபாய் என்று விளம்பரம் போலச் சொல்லிவிடலாம். ஆனால் எத்தனை வீட்டில் ஆறு பேர் தனித்தனி போனில் பாட்டு கேட்கிறார்கள்? இரண்டு பேர் என்றால் தனித்தனியாக 298, குடும்பமாக 299. அதாவது மூன்றாவது ஆள் வரும்வரை குடும்ப பிளானில் ஒரு பைசா லாபமில்லை. அந்த இரண்டு பேரும் வருஷக் கட்டணம் கட்டினால் மொத்தம் 2980. குடும்ப பிளான் பன்னிரண்டு மாதத்துக்கு 3588. இரண்டு பேர் உள்ள வீட்டுக்குக் குடும்ப பிளான் 608 ரூபாய் நஷ்டம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று தனிநபர் பிளான் மாதம் 447, குடும்பம் 299. மூன்று பேரும் வருஷக் கட்டணம் கட்டினால் 4470, அப்போதும் குடும்பமே மலிவு. ஆனால் அம்மாவுக்குத் தனிக் கணக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு நாள் யோசித்தோம். என் கணக்கையே அம்மா போனிலும் போட்டுவிட்டால் என்ன? ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். எனக்கு வரும் பரிந்துரை முழுக்கச் சுப்ரபாதமாகிவிட்டது, அம்மாவுக்கு நான் கேட்கும் ராப் பாட்டு காலை ஐந்து மணிக்கு ஓடியது. வேண்டாம் என்று முடிவானது. சந்தா ஒட்டிக்கொள்வது வீட்டோடு அல்ல, கூகுள் கணக்கோடு. வரவேற்பறை டிவியில் பிளானில் இல்லாத வேறு யாருடைய கணக்காவது நுழைந்திருந்தால், குடும்ப பிளான் கட்டிய பிறகும் டிவியில் விளம்பரம் வரும். "காசு கட்டியும் வருதே" என்று பலர் புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

மூன்று பேரோடு அக்கா மகளையும் சேர்த்தால் என்ன? விலை ஏறாது, அதே 299. அவளுக்குத் தனியாக 89 கட்ட வேண்டியதில்லை, வருஷத்துக்கு 1068 மிச்சம். தம்பி உடனே சேர்த்துவிடச் சொன்னான். நான் விதிமுறையைப் படித்தேன். குடும்பம் என்று கூகுள் சொல்வது ரத்த உறவை அல்ல, ஒரே முகவரியில் வசிப்பவர்களை. முப்பது நாளுக்கு ஒரு முறை தானாகவே சரிபார்க்கும். ஹாஸ்டலில் இருப்பவளும், கரூரில் இருக்கும் அக்காவும் எங்கள் குடும்ப பிளானுக்குள் வரமாட்டார்கள். துபாயில் இருக்கும் மாமாவைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு நாடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும்.

"யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றான் தம்பி. பிடிபட்டால் அவளுக்கு விளம்பரம் திரும்ப வரும், அது போகட்டும். எனக்கு உறுத்தியது வேறு. ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் மாறலாம். இப்போது எங்களோடு சேர்ந்து, பிறகு விலகி, படிப்பு முடிந்து ஊர் திரும்பி அக்கா வீட்டுக் குழுவில் சேர நினைத்தால் காத்திருக்க வேண்டி வரும். மாதம் 89 ரூபாய்க்காக அந்தச் சிக்கல் எதற்கு? அவள் மாணவர் பிளானே போடட்டும் என்றேன். வீட்டுக்கு 299, அவளுக்கு 89, மொத்தம் 388. நாங்கள் மூன்று பேரும் தனிநபர் பிளான், அவள் மாணவர் பிளான் என்றால் 536 ஆகியிருக்கும்.

ஒரே அறையில் மூன்று மாணவர்கள் இருந்தால்? மூன்று மாணவர் பிளான் 267, அதுவும் குடும்ப பிளானை விடக் குறைவு. நாலு பேர் என்றால் 356, குடும்பம் மலிவாகத் தெரியும், ஆனால் அறைத் தோழர்களை வைத்துக் கணக்குத் தொடங்கினால் ஒருவர் அறை மாறியதும் மேலே சொன்ன முகவரித் தலைவலி வந்துவிடும். மாணவர் பிளான் தனக்குத் தனக்கு என்பதால் அந்தக் கவலையில்லை.

மாணவர் பிளானுக்குச் சான்று பார்ப்பது ஷீர்ஐடி என்ற வேறொரு நிறுவனம். கல்லூரிப் பெயரை அவர்கள் பட்டியலில் தேர்ந்தெடுத்து, தானாகச் சரிபார்க்க முடியாவிட்டால் ஆவணம் ஏற்ற வேண்டும். அக்கா மகள் முதலில் ஏற்றிய அடையாள அட்டை திரும்பி வந்தது. தப்பு அவளுடையதுதான். அட்டையில் பெயருக்கு முன்னால் இனிஷியல், படிவத்தில் அவள் அடித்தது அப்பா பெயரை விரித்து. மேலும் அட்டையில் சேர்ந்த ஆண்டு மட்டும் இருந்தது, இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு அடையாளம் இல்லை. இந்த செமஸ்டர் கட்டணம் கட்டிய ரசீதில் பெயர், கல்லூரி, தேதி மூன்றும் இருந்தன. ரசீதில் உள்ளபடியே பெயரை எழுத்துக்கு எழுத்து அடித்து ஏற்றியதும் ஏற்றுக்கொண்டார்கள். வருஷா வருஷம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதால் அந்தந்த வருஷத்து ரசீதைப் போனில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மாணவர் விலை அதிகபட்சம் நாலு வருஷத்துக்குத்தான். கலைக் கல்லூரி, பொறியியல் என்றால் அது போதும். சட்டம் ஐந்து வருஷம், மருத்துவம் அதற்கும் மேல், பி.ஆர்க்கும் ஐந்து வருஷம். முதல் வருஷத்திலேயே போட்டிருந்தால் கடைசி வருஷம், தீசிஸ் நேரத்தில், 149 கட்ட வேண்டியிருந்திருக்கும். அக்கா மகள் இப்போதுதான் இரண்டாம் வருஷம் தொடங்கியிருக்கிறாள், மிச்சமிருக்கும் நாலு வருஷத்துக்கும் அது சரியாகப் போதும்.